நஞ்சு விளைவது பாத்திரத்திலா, குடலிலா?

1975 பிப்ரவரி 3. டோக்கியோவிலிருந்து பாரிஸ் நோக்கிப் பறந்துகொண்டிருந்த ஜப்பான் ஏர்லைன்ஸின் ஜம்போ விமானம், வழியில் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இறங்கி உணவு ஏற்றிக்கொண்டு, அடுத்த நிறுத்தமான கோபன்ஹேகனுக்குக் கிளம்பியது. உள்ளே 344 பயணிகள். தரையிறங்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது காலை உணவு கொடுத்தார்கள். ஆம்லெட்டும், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியான ஹாமும். சாப்பிட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குமட்டல் தொடங்கியது. பிறகு வாந்தி, வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, பேதி. 196 பயணிகளும் ஒரு பணிப்பெண்ணும் படுத்துவிட்டார்கள். கோபன்ஹேகனில் 143 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

விமானிகள் தப்பினார்கள். ஆங்கரேஜில் மாறி ஏறியவர்கள் அவர்கள். அவர்களுடைய உடம்புக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம் என்பதால் ஆம்லெட்டுக்குப் பதிலாக வேறு உணவு சாப்பிட்டிருந்தார்கள். தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு அது.

விசாரணை ஆங்கரேஜ் சமையல்கூடத்துக்குப் போய் நின்றது. ஹாமை எடுத்து வைத்த சமையல்காரர்களில் ஒருவருக்குக் கைவிரல்களில் சீழ்க்கொப்புளங்கள். அந்தக் கொப்புளத்தில் இருந்த அதே கிருமி ஹாமிலும் இருந்தது, பயணிகளின் வாந்தியிலும் இருந்தது. பெயர் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். ஆனால், கொப்புளம் மட்டுமே குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தட்டுகள் முதலில் சமையலறையில் சாதாரண வெப்பநிலையில் ஆறு மணி நேரம் இருந்தன. பிறகு 10 டிகிரி குளிரறையில் பதினான்கரை மணி நேரம். அதற்குப் பிறகு குளிர்சாதனம் இல்லாமல் விமானத்தில் எட்டு மணி நேரம். கடைசியில் சூடாக்கித்தான் பரிமாறினார்கள். அந்தச் சூடு யாரையும் காப்பாற்றவில்லை. பயணிகள் அனைவரும் பிழைத்தார்கள். சமையல்கூடத்தை நிர்வகித்தவர் மட்டும் பழியைத் தாங்க முடியாமல் தற்கொலை செய்துகொண்டார்.

இந்தச் சம்பவத்தை இங்கே விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் செய்திகளில் கல்யாண வீடு, விடுதி, பள்ளி, கோயில் விருந்து என்று எங்கே யார் வாந்தியெடுத்தாலும் ‘உணவு ஒவ்வாமை’ அல்லது ‘உணவு நஞ்சானது’ என்ற ஒரே வரியில் விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் குறைந்தது இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் கிருமி தன் வேலையை நாம் சாப்பிடுவதற்கு முன்பே பாத்திரத்தில் முடித்துவிடுகிறது. மற்றொன்றில் அது நம் குடலுக்குள் வந்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. முன்னதற்கு ஸ்டஃபிலோகாக்கஸ், பின்னதற்கு சால்மோனெல்லா நல்ல உதாரணங்கள். எத்தனை மணி நேரத்தில் நோய் வரும், காய்ச்சல் இருக்குமா, எந்த உணவில் வரும், கொதிக்க வைத்தால் போகுமா என்கிற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

ஸ்டஃபிலோகாக்கஸை முதலில் பார்ப்போம். ஆரோக்கியமானவர்களிலேயே நாலைந்து பேரில் ஒருவருக்கு இது மூக்குக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. தோலிலும் உண்டு. சீழ் வைத்த காயம், கட்டி, நகச்சுற்று இருந்தால் அங்கே கோடிக்கணக்கில் இருக்கும். மூக்கைத் தொட்ட கை, புண் உள்ள விரல், உணவைப் பார்த்து வந்த தும்மல் என ஏதோ ஒரு வழியில் கொஞ்சம் கிருமி உணவில் இறங்குகிறது. அந்தக் கொஞ்சம் யாரையும் எதுவும் செய்யாது. அப்போதே சாப்பிட்டுவிட்டால் சமாசாரம் முடிந்தது.

தீங்கு செய்வது அதற்குப் பிறகு போகும் நேரம். நம் ஊர் வெயிலில், இளஞ்சூடாக இருக்கும் உணவில், இந்தக் கிருமி சுமார் அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் உணவில் ஆயிரம் கிருமி விழுந்திருந்தால், பத்து முறை இரட்டித்தபின் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதற்கு ஐந்து மணி நேரம் போதும். எண்ணிக்கை லட்சத்தைக் கடக்கும் கட்டத்தில் அது வெளியே விடும் நச்சுப் புரதம் மனிதனை வீழ்த்தும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. நஞ்சின் அளவோ மிக மிகச் சிறியது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோகிராம். அப்படி நூறு நானோகிராம் அளவே ஒருவரை வாந்தியெடுக்க வைத்துவிடும். நாக்குக்கும் மூக்குக்கும் அது தெரியவே தெரியாது. உணவு கெட்ட நாற்றம் அடிக்காது, நுரைக்காது, புளிக்காது. ‘மணம் நல்லாத்தானே இருக்கு’ என்று சாப்பிடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

இந்த நஞ்சு இறுகச் சுருண்ட சிறிய புரதம். இரைப்பையின் அமிலமும் செரிமான நொதிகளும் அதை எளிதில் உடைப்பதில்லை. கொதிநீரில் அரை மணி நேரம் வைத்தாலும் முழுவதும் அழியாது. கிருமி சாவதற்கு 70 டிகிரி சூடே தாராளம். அது விட்டுச் சென்ற நஞ்சுக்கு அந்தச் சூடு ஒரு பொருட்டில்லை. ‘மறுபடி ஒரு கொதி விட்டுட்டேன், ஒண்ணும் ஆகாது’ என்ற நம் வீட்டு நம்பிக்கை இந்த ஒரு நோயிடம் தோற்றுப்போகிறது.

வயிற்றுக்குள் போன நஞ்சு என்ன செய்கிறது? குடல் சுவரைத் துளைத்துச் செல்லும் பெரிய போர் எதுவும் நடப்பதில்லை. இரைப்பை, குடல் பகுதிகளிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகும் வேகஸ் நரம்பின் முனைகளை அது தூண்டிவிடுகிறது. குடலில் இருக்கும் சில செல்கள் செரட்டோனின் என்ற பொருளை வெளியேற்ற, அது நரம்பைக் கிளறுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு. சேதி மூளையிலுள்ள வாந்தி மையத்தை எட்டியதும் வாந்தி பீறிடுகிறது. இந்த வேலைக்குக் கிருமி பெருக வேண்டிய அவசியமே இல்லை. ஆயுதம் ஏற்கெனவே தயாராக வந்திருக்கிறது. அதனால்தான் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில், எல்லோரும் ஏறக்குறைய ஒன்றாக விழுகிறார்கள். உடம்பைக் கிருமி தாக்கவில்லை என்பதால் காய்ச்சல் அநேகமாக இருக்காது. ஆள் துவண்டுபோவார், ஆனால் நஞ்சு வெளியேறியதும் ஒரு நாளுக்குள் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

இதை மனிதர்களில் முதலில் நிறுவிக் காட்டியவர்களில் ஒருவர் சிகாகோவின் கெயில் டேக். 1929 கிறிஸ்துமஸ் சமயத்தில் கிரீம் கேக் சாப்பிட்ட சிலர் நோய்வாய்ப்பட்டார்கள். கேக்கிலிருந்து எடுத்த ஸ்டஃபிலோகாக்கஸை வளர்த்து, கிருமிகளை வடிகட்டிவிட்டு, எஞ்சிய திரவத்தை மட்டும் தாமாக முன்வந்தவர்களுக்குக் கொடுத்தார் டேக். கிருமி ஒன்றுகூட இல்லாத அந்தத் திரவம் குடித்தவர்களுக்கு அதே வாந்தி வந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பே, 1914-இல், பிலிப்பைன்ஸில் பணியாற்றிய பார்பர் என்ற ஆய்வாளர், மடிநோய் கண்ட பசுவின் பாலை அறை வெப்பத்தில் வைத்துவிட்டுக் குடித்தால்தான் நோய் வருகிறது, கறந்த சூட்டில் குடித்தால் வருவதில்லை என்று தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்திருந்தார்.

இந்தப் பாடம் ஏட்டில் இருந்தும் ஒரு பெரிய நிறுவனம் அதைத் தவறவிட்டது. 2000-ஆம் ஆண்டு ஜூன் கடைசியில் ஜப்பானின் ஒசாகா பகுதியில் கொழுப்பு குறைத்த பால் குடித்தவர்கள் சாரைசாரையாக வாந்தியுடன் மருத்துவமனைக்கு வந்தார்கள். எண்ணிக்கை 13,000-ஐத் தாண்டியது. பால் ஸ்நோ பிராண்ட் நிறுவனத்துடையது. முதலில் ஒசாகா ஆலையில் சுத்தமில்லாத குழாய் வால்வைத்தான் பிடித்தார்கள். ஆனால் மூலம் வெகு தொலைவில், வடக்கே ஹொக்கைடோ தீவிலிருந்த தாய்கி ஆலையில் இருந்தது. மார்ச் 31 அன்று அங்கே மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. உற்பத்தித் தொட்டிகளில் பால் இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் தேங்கியது. கிருமி பெருகி நஞ்சைக் கக்கியது. பிறகு மின்சாரம் வந்ததும் அந்தப் பாலைக் காய்ச்சிக் கிருமியைக் கொன்று, பொடியாக்கி மூட்டை கட்டினார்கள். கிருமிச் சோதனையில் பொடி சுத்தமாகத் தெரிந்தது; நஞ்சு மட்டும் அதில் இருந்தது. மூன்று மாதம் கழித்து அந்தப் பொடியைக் கரைத்து ஒசாகாவில் பால் தயாரித்தபோது வெடித்தது.

நம் அதிகாரிகளும் ஆய்வகங்களும் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும் என்பேன். விருந்தில் மிஞ்சிய உணவை அனுப்பி, ‘நோய்க்கிருமி எதுவும் வளரவில்லை’ என்று அறிக்கை வாங்கிவிட்டால் அந்த உணவு குற்றமற்றது என்று நினைத்துவிடுகிறோம். சூடாக்கிய உணவில் கிருமி செத்து நஞ்சு பிழைத்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கிருமியை வளர்க்கும் சோதனை உதவாது. நஞ்சையே தேடும் எலைசா போன்ற சோதனை வேண்டும். அதைக் கேட்டு அனுப்பாத வரையில் இந்த வகை சம்பவங்களில் பல காரணம் தெரியாமலே கோப்பில் முடங்கும்.

இனி சால்மோனெல்லாவுக்கு வருவோம். அதன் போக்கைப் புரிந்துகொள்ள, மனிதக் கையின் கொப்புளமோ மறந்து வைத்த தட்டோ இல்லாத ஒரு சம்பவம் பொருத்தமானது. 1994 செப்டம்பர், அக்டோபரில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஐஸ்கிரீம் சாப்பிட்டவர்களுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. மினசோட்டா மாநிலத்தில் ஷ்வான்ஸ் நிறுவனம் தயாரித்த ஐஸ்கிரீம் அது. ஐஸ்கிரீமுக்கான கலவை முறைப்படி காய்ச்சிப் பதப்படுத்தப்பட்டதுதான். ஆனால் அதைக் கொண்டுவந்த டேங்கர் லாரிகள் முந்தைய நடையில் காய்ச்சாத முட்டைக் கரைசலை ஏற்றிச் சென்றவை. தொட்டியின் உள்ளே ஒட்டியிருந்த மிச்சம் கலவையில் சேர்ந்தது. ஆலையில் அதை மறுபடி காய்ச்சவில்லை. நாடு முழுவதும் சுமார் 2,24,000 பேர் நோயுற்றதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள்.

இங்கே வியக்க வேண்டிய விஷயம் உறைநிலை. ஐஸ்கிரீமில் எந்தக் கிருமியும் பெருக முடியாது. ஸ்டஃபிலோகாக்கஸாக இருந்திருந்தால் நஞ்சு சேர வாய்ப்பே இல்லை. சால்மோனெல்லாவுக்கு உணவில் பெருகியே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. உயிரோடு வந்து சேர்ந்தால் போதும். அதுவும் ஐஸ்கிரீமின் கொழுப்பு சூழ்ந்திருந்ததால் இரைப்பை அமிலத்திலிருந்து தப்புவது எளிதாக இருந்திருக்கும். எண்ணினால் மிகச் சில கிருமிகளே ஒவ்வொரு கோப்பையிலும் இருந்தன.

இரைப்பையைத் தாண்டிய சால்மோனெல்லா சிறுகுடலின் கடைப்பகுதியை அடைந்ததும் அதன் ஆயுதம் வெளியே வருகிறது. குடல் செல்லின் மேல் உட்கார்ந்து, ஊசி போன்ற நுண்ணிய உறுப்பால் சில புரதங்களை அந்தச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை செல்லின் உட்சட்டகத்தைக் குலைக்கின்றன. செல்லின் மேற்பரப்பு அலைபோல எழும்பிக் கிருமியை வளைத்துத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் அது அங்கேயே தங்கிப் பெருகுகிறது. உடம்பு சும்மா இருக்காது. வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து சண்டை போடுகின்றன. குடல் சுவர் புண்ணாகி வீங்கி நீரைக் கசியவிடுகிறது. அந்தச் சண்டையின் சூடுதான் காய்ச்சல். அந்தக் கசிவுதான் பேதி. சிலருக்குச் சளியும் இரத்தமும் கலந்து போகும்.

இத்தனை படிகளும் நடந்து முடியக் காலம் வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு முன்னால் வருவது அபூர்வம். பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் ஆகும். ஆறு நாள் வரைகூடத் தள்ளிப் போகும். நோயும் நான்கு முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்டஃபிலோகாக்கஸ் உணவு நஞ்சால் சாவது அரிது. சால்மோனெல்லாவை அப்படி அலட்சியமாக விட முடியாது.

இந்த நேர வேறுபாட்டுக்கு நம் ஊரில் ஒரு சமூக விளைவு இருக்கிறது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு கல்யாண வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பகல் ஒரு மணிக்குப் பந்தி. ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சு இருந்தால் மூன்று, நான்கு மணிக்கெல்லாம் மண்டபத்திலேயே வாந்தி தொடங்கும். ஆம்புலன்ஸ் வரும், காவல்துறை வரும், மறுநாள் படத்துடன் செய்தி வரும். சால்மோனெல்லா இருந்தால் அப்படி எதுவும் நடக்காது. விருந்தினர் மொய் எழுதிவிட்டுப் பேருந்தோ ரயிலோ பிடித்துக் கோவைக்கும் சென்னைக்கும் மதுரைக்கும் போய்விடுவார்கள். மறுநாள் இரவு ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டில் வயிறு கலங்கும். அப்போது அவர் யாரைச் சந்தேகிப்பார்? காலையில் தின்ற இட்லியையும் வழியில் குடித்த மோரையும். மனித மனம் கடைசியாகச் சாப்பிட்டதைத்தான் பிடிக்கும். ஒரே விருந்தில் விளைந்த நோய் பத்து ஊர் மருத்துவர்களிடம் பத்துத் தனி நோயாளிகளாகப் போய்ச் சிதறிவிடுகிறது. நாம் கேள்விப்படும் சம்பவங்களில் வாந்தியே முந்தி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். கேள்விப்படாத சால்மோனெல்லா எவ்வளவு என்று நினைத்துப் பார்க்கவே கவலையாக இருக்கிறது.

ஆகவே, நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்பதைவிட ‘எப்போது தொடங்கியது’ என்பதைத்தான். இரண்டு, மூன்று மணி நேரத்தில் வாந்தி முந்திக்கொண்டு, காய்ச்சல் இல்லாமல் வந்தால் கடைசி வேளை உணவைத் தேட வேண்டும். காய்ச்சலோடு பேதி வந்தால் முந்தின நாள், அதற்கும் முந்தின நாள் வரைக்கும் பின்னோக்கிப் போக வேண்டும். கடிகாரம் துப்பு கொடுக்கும், தீர்ப்பு சொல்லாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்தில் இதே போன்ற வாந்தியைக் கொண்டுவரும். முந்தைய இரவு வடித்து வெளியே வைத்த சோற்றைத் தாளித்துப் பரிமாறிய இடங்களில் அதையும் சந்தேகிக்க வேண்டும். பெரிய அண்டாவில் மெதுவாக ஆறிய குழம்பில் வளரும் இன்னொரு கிருமி எட்டு முதல் பதினாறு மணி நேரத்தில் பேதியைத் தரும். ஆய்வகம் உறுதி செய்யும் வரை கடிகாரத்தை வைத்து வழியை மட்டுமே தேர்ந்தெடுக்கலாம்.

எந்த உணவில் எது என்பதும் இதே தர்க்கத்தில் பிறக்கிறது. ஸ்டஃபிலோகாக்கஸ் மற்ற கிருமிகளோடு போட்டியிட்டால் பெரும்பாலும் தோற்றுவிடும். பச்சை இறைச்சியில் வேறு கிருமிகள் அதை அமுக்கிவிடும். சமைத்து எல்லாக் கிருமியும் செத்த பிறகு, கை பட்டு, இளஞ்சூட்டில் நெடுநேரம் இருக்கும் உணவே அதற்குச் சொர்க்கம். மற்ற கிருமிகள் தாங்காத உப்பையும் அது தாங்கும். அதனால்தான் உப்பிட்ட ஹாமில் அது தனி ராஜ்ஜியம் நடத்தியது. நம் பக்கத்தில் பால்கோவா, பன்னீர், கிரீம் வைத்த கேக், கையால் பிசைந்து பொட்டலம் கட்டிய சாதம், வேகவைத்து உதிர்த்த கோழி ஆகியவற்றில் கவனம் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான சங்கதி, சமைத்த பின் கை படுவதும் காத்திருப்பதும்.

சால்மோனெல்லாவுக்கு வீடு விலங்கின் குடல். கோழி, முட்டை, காய்ச்சாத பால், அரைவேக்காட்டு இறைச்சி. முட்டையில் இன்னொரு நுட்பம் உண்டு. சால்மோனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை, கோழியின் சினைப்பையிலேயே புகுந்துவிடும். முட்டை ஓடு உருவாகும் முன்பே கிருமி உள்ளே போய்விடுவதால், கழுவித் துடைத்த, விரிசல் இல்லாத முட்டையும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஏறக்குறைய 20,000 முட்டைக்கு ஒன்று இப்படி இருக்கும் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். வீட்டில் ஒரு முட்டையை உடைத்து நன்றாக வேகவைத்துச் சாப்பிடுபவருக்கு அது பெரிய ஆபத்தில்லை. ஐம்பது முட்டையை ஒரே சட்டியில் பச்சையாக அடித்து மயோனைஸ் செய்து, அதை மேஜையில் நாள் முழுக்க வைத்து, இருநூறு ஷவர்மாவில் பூசும் கடையில் கணக்கே மாறிவிடுகிறது. ஒரே ஒரு முட்டையின் கிருமி எல்லாத் தட்டுகளுக்கும் பங்கு போகிறது.

இந்தக் காரணத்தால்தான் கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும், தமிழ்நாடு 2025 ஏப்ரலிலும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டன. தமிழ்நாட்டின் ஆணை ஓராண்டுக்கானது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் அது பாதிக் கதவைத்தான் அடைக்கிறது. பச்சை முட்டையை நீக்கிவிட்டுப் பதப்படுத்திய மயோனைஸைக் கொண்டுவந்த கடையில், கோழியை உதிர்க்கும் பையனின் விரலில் சீழ் இருந்தால் ஸ்டஃபிலோகாக்கஸுக்கு எந்தத் தடையும் இல்லை. உணவுப் பாதுகாப்பு விதிகள் அப்படிப்பட்டவரை உணவைத் தொட விடக் கூடாது என்றும் ஆண்டுக்கொருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆண்டுக்கொருமுறை பார்க்கும் பரிசோதனையில் ஒரு வாரக் கொப்புளம் எப்படிச் சிக்கும்? நாள் கூலிக்கு வேலை செய்பவர் விரலைக் காட்டினால் அன்றைய கூலி போகும் என்று பயந்து மறைக்கத்தானே செய்வார்? கூலியைப் பிடிக்காமல் அவரை வேறு வேலைக்கு மாற்றுவோம் என்று கடைக்காரர் உறுதி தராத வரை விதி காகிதத்தில்தான் இருக்கும். இதற்கான செலவு ஒரு நாள் சம்பளம். ஒரு மண்டபத்து விருந்தினரை மருத்துவமனையில் சேர்க்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முட்டையின் பக்கத்திலும் தடையைத் தாண்டி ஒரு வழி இருக்கிறது. 1988-இல் பிரிட்டனில் முட்டையிலுள்ள சால்மோனெல்லா பற்றி இளநிலை சுகாதார அமைச்சர் எட்வினா கரி பேசிய பேச்சு பெரும் சர்ச்சையாகி, அவர் பதவி விலக நேர்ந்தது. அதன் பிறகு அங்கே முட்டைக் கோழிகளுக்கு சால்மோனெல்லாவுக்கு எதிரான தடுப்பூசி போடும் திட்டம் வந்தது. 1998-இல் அத்தகைய முட்டைகளுக்குச் சிங்க முத்திரை குத்தத் தொடங்கினார்கள். நோயாளிகள் எண்ணிக்கை பெருமளவில் இறங்கியது. 2017-இல் அந்த முத்திரையுள்ள முட்டையை அரைவேக்காட்டில் கர்ப்பிணிகளும் முதியவர்களும்கூடச் சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை சொல்லும் அளவுக்கு நிலைமை மாறியது. நாமக்கல் போன்ற ஊரை வைத்துக்கொண்டிருக்கும் மாநிலம், கடைகளில் மயோனைஸைத் தேடுவதோடு நிற்காமல் பண்ணைகளிலிருந்து தொடங்கலாம். மந்தையின் எச்சத்தைப் பரிசோதிப்பது, தடுப்பூசி போடுவது, முட்டையில் பண்ணை அடையாளத்தை அச்சிடுவது ஆகிய மூன்றும் இருந்தால் நோய் வந்த வீட்டிலிருந்து கோழி இருந்த கொட்டகை வரை பாதையைப் பிடிக்க முடியும்.

நோய் வந்தவருக்குச் செய்ய வேண்டியதிலும் ஒரு தவறு நிறைய நடக்கிறது. இரண்டிலும் முதல் மருந்து நீரும் உப்பும்தான். வாந்தி நிற்க நிற்கச் சிறிது சிறிதாக ஓ.ஆர்.எஸ். கரைசல். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக் ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சுக்கு எந்தப் பயனும் தராது, ஏனென்றால் கொல்லப்பட வேண்டிய கிருமி நோய்க்குக் காரணமாக அங்கே இல்லை; இருப்பது புரதம். சாதாரண சால்மோனெல்லாவிலும் பெரும்பாலானவர்களுக்கு அது தேவைப்படாது. சில சமயம் கிருமி மலத்தில் வெளியேறும் காலத்தை அது நீட்டித்துவிடுகிறது. பச்சிளங்குழந்தை, முதியவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், இரத்தத்தில் கிருமி பரவியவர் ஆகியோருக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நிலை வேறு. மலத்தில் இரத்தம், 102 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் காய்ச்சல், மூன்று நாளைத் தாண்டிய பேதி, சிறுநீர் குறைந்து போவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

விருந்து சமைப்பவர்களிடம் நான் வைக்கும் கோரிக்கை இரண்டே. சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வைக்க வழியில்லை என்றால், இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். அந்த மணியை அண்டாவின் மூடியில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கரண்டி எடுத்துச் சுத்தமான டப்பாவில் போட்டு, நேரத்தை எழுதி, குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வைத்திருங்கள். ஒரு நாள் வைத்தால் வாந்திக்குக் காரணம் தேடலாம். சால்மோனெல்லா காட்டிக் கொடுப்பதற்கு இரண்டு, மூன்று நாள் எடுத்துக்கொள்ளும் என்பதால் மூன்று நாள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் அந்த டப்பாக்களை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது படிவத்தில் இரண்டு வரி எழுத வேண்டும்: கிருமியையும் வளர்த்துப் பார்க்கவும், ஸ்டஃபிலோகாக்கஸ் நஞ்சையும் தேடவும்.